பசி டானிக், செரிமான மாத்திரை: பெரிய எழுத்துக்குக் கீழே இருப்பது

நான்கு வயது மகள் சாப்பிட மறுக்கிறாள் என்று மருந்துக்கடையில் சொல்லிப் பசி டானிக் வாங்கினேன். காலையும் இரவும் இரண்டு மூடி கொடுக்கிறேன். சளிக்கும் ஒரு சிரப் போகிறது. பத்து நாளாகப் பள்ளியில் தூங்கி விழுகிறாளாம். டானிக்கில் கோளாறா? எடை 14 கிலோ.
*ஒரு தாய், ஈரோடு*

டானிக்கில் கோளாறு இருக்க வேண்டியதில்லை, அம்மா. அதில் உள்ள மருந்தே தூக்கம் தரக்கூடியது. பாட்டிலின் பெரிய பெயருக்குக் கீழே, சிறு எழுத்தில், சைப்ரோஹெப்டடின் ஹைட்ரோகுளோரைடு என்றும், பெரும்பாலும் அதனுடன் டிரைகோலின் சிட்ரேட் என்றும் இருக்கும். சைப்ரோஹெப்டடின் வைட்டமின் அன்று. அரிப்புக்கும் தும்மலுக்கும் கொடுக்கப்படும் ஒவ்வாமை மருந்து அது. மூளையில் ஹிஸ்டமினைத் தடுப்பதால் தூக்கம் வருகிறது. பசியை அடக்கி வைக்கும் செரட்டோனினையும் தடுப்பதால் பசி எடுக்கிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இத்தகைய சிரப்புகளில் வழக்கமாக 5 மி.லி.யில் 2 மி.கி. சைப்ரோஹெப்டடின் இருக்கும். உங்கள் மூடி 5 மி.லி. பிடிக்குமானால், ஒரு வேளைக்கு 4 மி.கி., நாளைக்கு 8 மி.கி. போகிறது. இரண்டு முதல் ஆறு வயதுவரை ஒவ்வாமைக்கு மருத்துவர்கள் கொடுப்பதே வேளைக்கு 2 மி.கி. என்ற அளவில்தான். மூடி 10 மி.லி. பிடிப்பதாக இருந்தால், நாளைக்கு 16 மி.கி. ஆகிவிடும், அந்த வயதுக்கு உச்ச வரம்பு 12 மி.கி. ஆகவே மூடியின் உட்புறத்தில் உள்ள கோட்டையும் எண்ணையும் முதலில் பாருங்கள்.

அடுத்து, சளி சிரப்பைத் திருப்பிப் படியுங்கள். குளோர்பெனிரமின் மேலியேட் என்று இருந்தால், அதுவும் தூக்கம் தரும் அதே வகை ஒவ்வாமை மருந்துதான். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளை நான்கு வயதுக்குக் கீழே தரக்கூடாது என்று லேபிளில் எச்சரிக்கை அச்சிடும்படி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது. உங்கள் மகள் அந்த வயதை இப்போதுதான் எட்டியிருக்கிறாள். இரண்டு சிரப்பையும் இன்றே நிறுத்திவிட்டு, இரண்டு பாட்டில்களையும் எடுத்துக்கொண்டு குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். முகம் சிவந்து படபடப்பது, இல்லாததை இருப்பதாகச் சொல்வது, சிறுநீர் போகாமல் இருப்பது, வலிப்பு ஆகியவற்றில் எது தோன்றினாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.

எனக்குப் பல ஆண்டுகளாக ஆறாத ஒரு கோபம் உண்டு. அது டானிக் என்ற சொல்லின் மீது. மூளையில் வேலை செய்யும் ஒரு மருந்தைப் பழச்சுவையும் ஆரஞ்சு நிறமும் சேர்த்து, டானிக் என்று சொல்லி, சீட்டுக் கேட்காமல் எடுத்துக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவரும் அதைச் சத்து மருந்து என்றே நம்பி, கூடக் கொடுத்தால் கூடப் பலன் என்று நினைத்துவிடுகிறார். மருத்துவர்கள் இதை எழுதவே மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. அடிக்கடி திரும்பி வரும் வாந்தி, ஒற்றைத் தலைவலி, நாள்பட்ட நோயால் எடை இறங்குவது போன்றவற்றில் கணக்குப் பார்த்து, இடைவெளி விட்டு எழுதுவதுண்டு. ஆனால் நலமாக உள்ள குழந்தைக்கு இதனால் ஏறும் எடை, மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் நிலைப்பதில்லை. உங்கள் மகளுக்கோ முதலில் எடைக் குறைவே இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி நான்கு வயதுப் பெண் குழந்தையின் நடு அளவு ஏறத்தாழ 16 கிலோ, 12.3 கிலோவுக்குக் கீழே இறங்கினால்தான் எடை குறைந்தவள் என்பார்கள். முதல் வயதில் பிறந்த எடை மும்மடங்காகிறது. இரண்டு வயதுக்குப் பின் ஆண்டுக்கு இரண்டு கிலோ ஏறினாலே போதும். வளர்ச்சி மெதுவாவதால் பசியும் குறைகிறது.

என் மகனுக்குப் பதினான்கு மாதம். அக்கா மகனுக்கு வாங்கிய பசி சிரப் மீதி இருக்கிறது. கால் மூடி கொடுக்கலாமா?
*வாசகர், திண்டுக்கல்*

கூடாது. சைப்ரோஹெப்டடின் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு உரியதன்று; கால் மூடியானாலும் விதி மாறாது. இன்னொரு குழந்தைக்குத் திறந்த பாட்டிலை எடுத்து வைத்துக்கொண்டு அளவு கேட்பதை விட்டுவிடுங்கள்.

செரிமான மாத்திரையில் இருக்கும் பான்கிரியாடின் என்ற நொதிக் கலவையை எதிலிருந்து எடுக்கிறார்கள்? நாங்கள் சைவம்.
*வாசகர், கும்பகோணம்*

பெரும்பாலும் பன்றியின் கணையத்திலிருந்து. பச்சைப் புள்ளியைத் தேடாதீர்கள். அது உணவுப் பொருளுக்கான குறி. மருத்துவர் எழுதியிருந்தால் நீங்களாக நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள்.

ஏழு வயது மகனுக்குச் சாப்பிட்டதும் வயிறு உப்புகிறது. மாமனாரின் செரிமான மாத்திரையைப் பொடித்துத் தயிர்சாதத்தில் கலந்து கொடுக்கிறேன். நொதிதானே, கெடுதல் உண்டா?
*வாசகி, நாகர்கோவில்*

நானும் இதையே செய்திருக்கிறேன். என் மகளுக்கு ஆறு வயதானபோது, கடைக்காரர் சொன்ன பான்கிரியாடின் மாத்திரையை வாங்கி, அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தேன். மூன்றாம் நாள் உதட்டின் உட்புறமும் நாக்கின் ஓரமும் புண்ணாகி, தண்ணீர் குடிக்கவே அழுதாள். பான்கிரியாடினில் கொழுப்பைப் பிரிக்கும் லிப்பேஸ், மாவைப் பிரிக்கும் அமைலேஸ், புரதத்தைப் பிரிக்கும் புரோட்டியேஸ் மூன்றும் இருக்கின்றன. நுணுக்கிய தூள் வாயில் தங்கினால், புரதத்தைப் பிரிக்கும் நொதி வாயின் மென்தோலையே அரிக்கத் தொடங்கும். விழுங்கிய பகுதியிலும் லிப்பேஸ் வயிற்று அமிலத்தில் கெட்டுப்போகிறது. சிறுகுடலுக்குப் போய்க் கரைய வேண்டும் என்பதற்காகத்தான் மாத்திரைக்கு மேல்பூச்சு போடுகிறார்கள். அதை உடைத்தால் புண் மிஞ்சும், பலன் மிஞ்சாது.

இந்த மருந்து கணையம் போதிய நொதி சுரக்காதவர்களுக்கு உரியது. அப்படிப்பட்ட குழந்தை நன்றாகச் சாப்பிட்டும் தேறாது. மலம் அதிகமாக, எண்ணெய்ப் பசையோடு, கடும் நாற்றத்துடன் போகும், தண்ணீர் ஊற்றினாலும் பீங்கானில் ஒட்டிக்கொள்ளும். மல எலாஸ்டேஸ் என்ற பரிசோதனை இதைக் காட்டும். உறுதியானால் மருத்துவர் மில்லிகிராமில் எழுதாமல் லிப்பேஸ் அலகில் எழுதுவார். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 10,000 அலகுக்கு மேல் போகக்கூடாது என்ற வரம்பும் உண்டு. 1990களில் மிக அதிக அளவு பெற்ற சில குழந்தைகளுக்குப் பெருங்குடல் சுருங்கிப் போனதால் வந்த வரம்பு அது. உங்கள் அட்டையில் மி.கி. மட்டும் அச்சிட்டு, லிப்பேஸ் அலகு இல்லையென்றால், அதன் வலிமை உங்களுக்குத் தெரியாது என்று பொருள். மாத்திரையை நிறுத்துங்கள். வெறும் உப்புசமென்றால், எவ்வளவு பால் குடிக்கிறான், மலச்சிக்கல் உண்டா என்று ஒரு வாரம் எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

பேரனுக்குப் பசி எடுக்க என்று பேருந்து நிலையத்தில் ஒருவர் விற்ற மூலிகை லேகியத்தை இரண்டு மாதம் கொடுத்தேன். நன்றாகச் சாப்பிட்டான். இப்போது முகம் உப்பிவிட்டது. டப்பாவில் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மருமகள் பேசுவதில்லை.
*ஒரு பாட்டி, விழுப்புரம்*

உங்கள் மீது தவறில்லை, பாட்டி. அன்பினால் வாங்கினீர்கள், விற்றவர் ஏமாற்றினார். மூலிகை என்று விற்ற பசி மருந்துகளில் சைப்ரோஹெப்டடினும், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டும் கலந்திருந்தது வேறு இடங்களில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முகம் உப்புவது ஸ்டீராய்டின் அடையாளமாக இருக்கலாம். இரண்டு மாதம் போன ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால், இன்றே பேரனையும் டப்பாவையும் அரசு மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்குக் கொண்டு போங்கள். எப்படி நிறுத்துவது என்று அவர்கள் சொல்வார்கள். மீதி லேகியத்தைக் கொட்டிவிடாதீர்கள். உரிம எண்ணும் உட்பொருளும் இல்லாத அந்த டப்பாதான் சான்று. மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யலாம். மருமகளையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் கேட்கும் நாள் கணக்கும் அளவும் இருவருக்கும் சேர்த்தே நினைவு வரும்.