பித்த அமிலம் 52: 38-வது வாரத்திலேயே பிரசவம் ஏன்?

"எனக்கு 27 வயது. முதல் குழந்தை, இப்போது 35 வாரம். பத்து நாளாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கிறது, ராத்திரி தூக்கமே இல்லை. தடிப்பு எதுவும் இல்லை. மெடிக்கலில் அலர்ஜி மாத்திரை வாங்கிப் போட்டேன், கேட்கவில்லை. ரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் 52, எஸ்ஜிபிடி 118. டாக்டர் ஒரு மாத்திரை தந்து, 38-வது வாரத்தில் பிரசவம் பார்த்துவிடலாம் என்கிறார். ஸ்கேனும் என்எஸ்டியும் நார்மல் என்கிறார், அப்புறம் ஏன் அவசரம்? இது காமாலைதான், கீழாநெல்லி சாப்பிடு என்கிறார் மாமியார். நெட்டில் பார்த்தால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் என்று போட்டிருக்கிறது. கழுத்து கறுத்துவிட்டது, முடியும் கொட்டுகிறது. என் ஈரல் கெட்டுப்போய்விட்டதா?" – வாசகி, திண்டுக்கல்

கழுத்துக் கறுப்பும் முடி கொட்டுவதும் இதோடு சேர்ந்தவை அல்ல, அவற்றை விட்டுவிடுங்கள். உங்கள் ஈரலும் கெட்டுப்போகவில்லை. கர்ப்பகால ஹார்மோன்கள் ஏறும்போது, சில பெண்களுக்கு ஈரலிலிருந்து பித்தம் சரியாக வெளியேறாமல் தேங்கும். இதுதான் கர்ப்பகாலப் பித்தத் தேக்கம். பரம்பரையாகவே இதற்கு வாகு உள்ளவர்களுக்குக் கடைசி மூன்று மாதத்தில் இது தலைகாட்டும். குடலுக்குப் போக வேண்டிய பித்த அமிலங்கள் ரத்தத்தில் சேருகின்றன. அரிப்போடு இந்த நோய் வெளியே தெரிகிறது. குழந்தை பிறந்ததும் பெரும்பாலும் தானே சரியாகிவிடும்.

உங்கள் பயம் குழந்தையைப் பற்றியது. அதை மழுப்பாமல் பேசுவோம்.

பித்த அமிலம் நச்சுக்கொடி வழியாகக் குழந்தையின் ரத்தத்துக்கும் போகிறது. அளவு மிக அதிகமாகும்போது குழந்தையின் இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையலாம், நச்சுக்கொடியின் ரத்தக் குழாய்கள் சுருங்கலாம் என்று கருதப்படுகிறது. நீங்கள் நெட்டில் படித்தது முழுப் பொய் இல்லை. ஆனால் எந்த அளவில் அந்த ஆபத்து என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். 2019-ல் லான்செட் இதழில் வந்த ஓர் ஆய்வு, இந்த நோய் இருந்த 5,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டிப் பார்த்தது. பித்த அமிலம் 40-க்குக் கீழே இருந்தவர்களில் வயிற்றிலேயே குழந்தை இறந்தது 1,000-ல் ஒன்று என்ற அளவில். 40-லிருந்து 99 வரை இருந்தவர்களில் 1,000-ல் மூன்று. இந்த நோயே இல்லாத பெண்களிடமும் ஏறக்குறைய இதே அளவில்தான் நடக்கிறது. 100-ஐத் தாண்டியவர்களில்தான் கணக்கு மாறியது: 100 பேரில் மூன்று, நான்கு பேருக்கு நடந்தது. அந்த 100 என்ற கோட்டைத்தான் நாங்கள் கவனிக்கிறோம். உங்கள் அளவு 52, லிட்டருக்கு மைக்ரோமோல் கணக்கில். நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிறீர்கள்.

ஆனால் 52 என்பது அந்த நாளின் கணக்கு. பிரசவம் நெருங்க நெருங்க இது ஏறக்கூடியது. சிலருக்கு ஒரே வாரத்தில் வேகமாக ஏறும். அதனால் நீங்கள் செய்ய வேண்டிய முதல் காரியம், வாரம் ஒரு முறை இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்வது. முடிந்தவரை ஒரே லேப். வெறும் வயிற்றில் போக வேண்டாம். சாப்பிட்ட பிறகுதான் பித்த அமிலம் ஏறும், பட்டினியில் கொடுத்த ரத்தம் அளவைக் குறைத்துக் காட்டிவிடும். எல்லா ஊரிலும் இந்த டெஸ்ட்டை அங்கேயே செய்வதில்லை, வெளியூர் லேபுக்கு அனுப்புவார்கள், ரிப்போர்ட் வரச் சில நாள் ஆகும். அந்த நாட்களையும் கணக்கில் வைத்துக்கொண்டு முன்கூட்டியே கொடுங்கள். அரிப்பு திடீரென்று கூடினால் அடுத்த வாரம் வரை காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். எண் 100-ஐத் தொட்டால் 38-வது வாரம் என்ற பேச்சு மாறிவிடும். 35, 36 வாரத்திலேயே பிரசவத்தை யோசிக்க வேண்டியிருக்கும், அதாவது உங்களுக்கு அடுத்த சில நாட்களில். மாத்திரைக்குப் பிறகு எண் குறைந்தாலும், முடிவு எடுப்பது இதுவரை பதிவான உச்ச அளவை வைத்துத்தான்.

இனி, எல்லாம் நார்மலாக இருக்கும்போது ஏன் அவசரம் என்ற கேள்வி. பிபி ஏறிய தாய்க்கு நச்சுக்கொடி கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். குழந்தையின் எடை குறையும், நீர் குறையும், டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டம் மாறும். நமக்கு முன்னறிவிப்பு கிடைக்கும். பித்தத் தேக்கத்தில் அப்படி நடப்பதில்லை. நல்ல எடையோடு, நன்றாக அசைந்துகொண்டிருந்த குழந்தைக்கே திடீரென்று நேரும். ஸ்கேன் காட்டாது. குழந்தையின் இதயத் துடிப்பைப் பதியும் என்எஸ்டி, அது ஓடிய அந்த இருபது முப்பது நிமிடத்தில் குழந்தை நன்றாக இருந்தது என்று மட்டும் சொல்லும். நாளைக்கு அது பொறுப்பேற்காது. கண்காணித்துத் தடுக்க முடியாத ஆபத்து என்பதால்தான் தேதியை முன்னால் நகர்த்துகிறோம். வேறு காரணம் இல்லை.

அப்படியானால் இன்றே எடுத்துவிடலாமே என்று தோன்றும். 35 வாரக் குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம், பால் உறிஞ்சத் தெம்பு போதாது, காமாலை ஏறும், சில நாள் இன்குபேட்டரில் வைக்க வேண்டியும் வரலாம். உங்கள் அளவில் உள்ளே இருப்பதன் ஆபத்து இப்போது சொற்பம். வெளியே எடுப்பதன் சிரமம்தான் பெரியது. 38, 39-வது வாரம் வரும்போது தராசு மறுபக்கம் சாய்கிறது. இங்கிலாந்தின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் 40-லிருந்து 99 வரை உள்ளவர்களுக்கு 38, 39 வாரத்தைத்தான் சொல்கிறது. 40-க்குக் கீழே என்றால் 40 வாரம் வரை பொறுக்கலாம் என்கிறது. அமெரிக்க வழிகாட்டுதல் 100-க்குக் கீழே உள்ள எல்லோருக்கும் 36 முதல் 39 வாரம் வரை இடம் விடுகிறது. அதனால் இரண்டு டாக்டர் இரண்டு தேதி சொன்னால் ஒருவர் தப்பு என்று அர்த்தமில்லை. சர்க்கரையோ பிபியோ இருந்தாலும், இரட்டைக் குழந்தை என்றாலும் தேதி இன்னும் முன்னால் வரும். உங்கள் கடிதத்தில் அவை இல்லை. இருந்தால் டாக்டரிடம் அவசியம் பேசுங்கள்.

38 வாரம் குறைமாதம் இல்லை அம்மா. 37 முடிந்தாலே நிறைமாதம்தான். ஆனால் அந்த 38 உண்மையான 38-ஆக இருக்க வேண்டும். மாதவிலக்குத் தேதியைத் தோராயமாகச் சொல்லியிருந்தால் கணக்கு இரண்டு வாரம் தள்ளிப்போகலாம். 38 என்று நினைத்து 36-ல் எடுத்துவிடுவோம். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, அதில் போட்ட பிரசவத் தேதியோடு இப்போதைய கணக்கு ஒத்துப்போகிறதா என்று அடுத்த முறை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். முன்கூட்டிப் பிரசவம் என்றால் ஆபரேஷன் என்றும் அர்த்தமில்லை. மருந்து வைத்து வலி வரவழைத்துச் சுகப்பிரசவத்துக்கு முயலலாம். நல்ல நட்சத்திரம் வரட்டும் என்று ஒரு வாரம் தள்ளிப்போடச் சொல்லி மட்டும் வீட்டில் யாரும் டாக்டரை நெருக்க வேண்டாம்.

குழந்தையின் அசைவைக் கவனியுங்கள். எப்போதும் துள்ளும் நேரத்தில் துள்ளவில்லை, வழக்கத்தைவிடக் குறைந்துவிட்டது என்று பட்டால், ராத்திரி இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். அதற்காக, அசைவு நன்றாக இருக்கிறதே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். காரணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

அடுத்தது மாத்திரை. உங்களுக்குத் தந்திருப்பது பெரும்பாலும் உர்சோடியாக்சிகோலிக் அமிலமாக இருக்கும். அரிப்பு ஓரளவு குறையும், சிலருக்கு அதுவும் பெரிதாகக் குறையாது. 2019-ல் இங்கிலாந்தில் 605 பெண்களிடம் நடந்த ஆய்வில், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இதைச் சாப்பிட்டவர்களின் குழந்தைகளுக்குக் கூடுதல் பாதுகாப்பு கிடைத்ததாகத் தெரியவில்லை. அதனால் தொடர்ந்து சாப்பிடுங்கள், ஆனால் மாத்திரை போடுகிறோமே என்று பரிசோதனையையும் தேதியையும் தவறவிடாதீர்கள். அரிப்புக்குக் குளிர்ந்த நீரில் துணி நனைத்துக் கை காலில் ஒற்றிக்கொள்ளலாம், மென்தால் கலந்த களிம்பு தடவலாம்.

மெடிக்கலில் வாங்கிய அலர்ஜி மாத்திரை தூக்கத்தைத் தருமே தவிர, தேங்கிய பித்தத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் அது ஒரு கெடுதல் செய்துவிட்டது: அலர்ஜிதான் என்று நீங்கள் பத்து நாளைக் கடத்த வழி செய்தது. வயிற்றுச் சுருக்கக் கோடுகளில் சிவப்பாகத் தடித்து அரிப்பது கர்ப்பத்தில் சாதாரணம், ஆபத்தும் இல்லை. தோலில் எதுவுமே இல்லாமல், சொறிந்த கீறல் மட்டும் இருந்து, உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் அன்றே ரத்தம் கொடுக்க வேண்டும். இதைப் படிக்கும் மற்ற கர்ப்பிணிகளுக்கும்தான் சொல்கிறேன். முதல் முறை நார்மல் என்று வந்து அரிப்பு நிற்கவில்லையா, ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுங்கள். அரிப்பு முந்தி வந்து, ரத்தத்தில் பிந்தித் தெரிவது உண்டு.

கீழாநெல்லி வேண்டாம். உங்கள் மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் கண் மஞ்சளானதாக நீங்கள் எழுதவில்லை, இது அவர் நினைக்கும் காமாலையும் இல்லை. கர்ப்பத்தில் அந்தச் சாறு பாதுகாப்பு என்று சொல்ல ஆதாரம் கிடையாது. அதோடு, ஈரலின் நிலையைக் காட்டும் எஸ்ஜிபிடி ஏறியிருக்கும்போது ஈரலுக்குள் போகும் எந்தப் புதுப் பொருளும் அடுத்த ரிப்போர்ட்டைக் குழப்பும். கண் உண்மையிலேயே மஞ்சளானாலோ, வாந்தியும் மேல்வயிற்று வலியும் வந்தாலோ, தலைவலியோடு பார்வை மங்கினாலோ அது வேறு கதை. கர்ப்பத்தில் ஆபத்தான ஹெபடைட்டிஸ் ஈ கிருமியும், ஈரலைப் பாதிக்கும் பிபி நோயும் அப்படித்தான் வரும். அன்றே அட்மிட் ஆக வேண்டும். மலம் வெளிறி எண்ணெய்ப் பசையோடு போனாலும் சொல்லுங்கள். வைட்டமின் கே குறைந்து ரத்தம் உறைவது தாமதமாகலாம், பிரசவத்துக்கு முன் அதைச் சரிசெய்துவிடலாம்.

பிரசவம் முடிந்து சில நாளில், மிஞ்சிப்போனால் ஓரிரு வாரத்தில் அரிப்பு அடங்கிவிடும். தாராளமாகத் தாய்ப்பால் கொடுங்கள். ஆறாவது வாரம் ஈரல் பரிசோதனையை ஒரு முறை செய்து, எண்கள் இறங்கியதை உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்கவில்லை என்றால் ஈரலில் வேறு ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும். கர்ப்பத்தடை மாத்திரை கேட்கும்போது இந்த நோய் வந்ததைச் சொல்லுங்கள், ஈஸ்ட்ரோஜன் உள்ளவை சிலருக்கு மறுபடி அரிப்பைக் கொண்டுவரும். அடுத்த கர்ப்பத்தில் இது திரும்ப வர வாய்ப்பு அதிகம். அப்போது முதல் செக்கப்பிலேயே இந்த ரிப்போர்ட்டுகளைக் காட்டிவிடுங்கள்.