காதுகுத்துக்குப் போகலாமா? அம்மைக்கு நாள் எண்ணும் விதம்

"டாக்டர், ஈரோட்டில் முதலாம் ஆண்டு நர்சிங் படிக்கிறேன். ரூம்மேட்டுக்கு மார்ச் 3 அன்று சின்னம்மை போட்டது. மறுநாள் தாராபுரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு இன்னும் ஒன்றும் இல்லை. இன்குபேஷன் முடிந்து கொப்புளம் வந்தால்தான் அடுத்தவருக்குத் தொற்றும் என்கிறார் சீனியர். 16ஆம் தேதி கோபியில் அக்கா மகனுக்குக் காதுகுத்து. அக்கா மறுபடி மாசமாக இருக்கிறாள். போகலாமா? ஆர்-நாட் 10 என்றால் ஹாஸ்டலில் பத்துப் பேருக்கு வருமா?"

இதற்கு முன் உங்களுக்குச் சின்னம்மை வந்ததில்லை, தடுப்பூசியும் போடவில்லை என்றால் போகாதீர்கள். உங்கள் சீனியர் சொன்னது தப்பு. பரீட்சைக்கு விற்கிற கைடுகள் பலவற்றில் இதே தப்பைப் பார்த்திருக்கிறேன்.

கிருமி உள்ளே புகுந்த நாளிலிருந்து நோய் வெளியே தெரிகிற நாள் வரை நோயரும்பு காலம், அதாவது இன்குபேஷன். சின்னம்மைக்கு இது 10 முதல் 21 நாள். ஒருவர் அடுத்தவருக்குக் கிருமியைக் கொடுக்கக்கூடிய நாட்கள் தொற்றும் காலம். முதலாவது முடிந்த பிறகுதான் இரண்டாவது தொடங்கும் என்று நினைப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். சின்னம்மையில் கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே தொற்றத் தொடங்கிவிடும். 2003இல் வந்த சார்ஸ் இப்படியில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் பெரும்பாலும் பரவியது. அதனால்தான் நோயாளிகளைத் தனிமைப்படுத்தியே அதை அடக்க முடிந்தது.

இனி உங்கள் தேதிகளை எண்ணுவோம். ரூம்மேட்டுக்கு 3ஆம் தேதி கொப்புளம் என்றால் 1ஆம் தேதியிலிருந்தே அவரிடமிருந்து தொற்றியிருக்கலாம். உங்களுக்கு 1 முதல் 4 வரை எந்த நாளிலும் வந்திருக்கலாம். 1ஆம் தேதியோடு 10 நாள் கூட்டினால் 11. அன்றுதான் உங்களுக்குக் கொப்புளம் வரக்கூடிய முதல் நாள். அதில் இரண்டைக் கழித்தால் 9. கடைசியாகப் பார்த்த 4ஆம் தேதியோடு 21 கூட்டினால் 25. ஆக 9 முதல் 25 வரை, உடம்பில் ஒரு பொட்டுக்கூட இல்லாமலே நீங்கள் பரப்பக்கூடும். காதுகுத்து நடுவில் விழுகிறது. வார்டு போஸ்டிங் இருந்தால் அதற்கும் இதே கணக்குத்தான். இன்றே உங்கள் டியூட்டரிடம் சொல்லுங்கள்.

"முன்பு வந்ததா" என்பதை மட்டும் நிதானமாக விசாரியுங்கள். அம்மாவிடம் கேட்டால், "சின்னதுல உனக்கு அம்மை போட்டுதே" என்பார். நம் பக்கம் மணல்வாரியும் அம்மைதான், பொன்னுக்குவீங்கியையும் சிலர் அம்மை என்பார்கள், வேர்க்குரு பெரிதாக வந்தாலும் வேப்பிலை கட்டிவிடுவார்கள். தண்ணீர் கோத்த கொப்புளமா, ஒரே நேரத்தில் புதுசும் பழசும் பொருக்கும் கலந்து இருந்ததா, தலைமுடிக்குள்ளும் வந்ததா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அது சின்னம்மைதான், காதுகுத்துக்குப் போகலாம். தெளிவில்லை என்றால், சின்னம்மைக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று காட்டும் வேரிசெல்லா ஐஜிஜி என்ற ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். லேப்காரர் "பீவர் பேக்கேஜ்" என்று நீட்டுவதற்கெல்லாம் பணம் கட்டாதீர்கள். அக்காவிடமும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

பத்துப் பேர் கணக்குக்கு வருவோம். யாருக்குமே எதிர்ப்புச் சக்தி இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி, தான் தொற்றவைக்கும் நாட்கள் முழுவதிலும் சேர்த்து, சராசரியாக எத்தனை பேருக்குக் கொடுப்பார் என்பதே ஆர்-நாட். உங்கள் தளத்தில் 40 பேர், அதில் 32 பேருக்கு ஏற்கெனவே வந்துபோயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 8 பேர், ஐந்தில் ஒரு பங்கு. பத்தில் ஐந்திலொன்று 2. ஏறக்குறைய இரண்டு பேருக்கு வரும். ஒரே அறையில் படுப்பவர்கள் என்பதால் கொஞ்சம் கூடலாம். எவ்வளவு வேகமாக வரும் என்பதை ஆர்-நாட் சொல்லாது. சின்னம்மையில் அடுத்த ஆட்கள் விழ இரண்டு வாரம் ஆகும். "ஒரு வாரமாச்சு, யாருக்கும் வரலை" என்று வார்டன் நிம்மதி அடைவது அதனால்தான் வீண்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு. அம்மை போட்ட பெண்ணை நிறைந்த பஸ்ஸில் ஏற்றித் தாராபுரம் அனுப்புவார்கள். திரும்பி வரும்போது மட்டும் பிட்னஸ் சர்டிபிகேட் கேட்பார்கள். அந்தக் காகிதத்தை ஆஸ்பத்திரி வாசலிலேயே விற்கும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், உச்சந்தலையில் ஈரக் கொப்புளம் இருந்த பையன் ஒருவன் அப்படி வாங்கிய சர்டிபிகேட்டோடு வகுப்புக்குப் போய்விட்டான். யாரும் முடியை விலக்கிப் பார்க்கவில்லை.

ரூம்மேட் திரும்பி வந்ததும் நீங்கள் பாருங்கள். மூன்றாம் தண்ணி ஊற்றியாகிவிட்டது என்பது கணக்கில்லை. தலை, காதுக்குப் பின்புறம், முதுகு எல்லாவற்றிலும் கொப்புளங்கள் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், புதிதாக ஒன்றும் வந்திருக்கக் கூடாது. பொருக்கு உதிர்வதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.