ரூபாயாக எவ்வளவு போனது என்பதுதான் கணக்கு

கேள்வி: நாங்கள் நான்கு குடும்பம் சேர்ந்து வெளிநாட்டுச் சுற்றுலா போகிறோம். ஒருவர் கார்டில் கொடுப்பார், ஒருவர் டாலராகக் கொடுப்பார், ஒருவர் ரிங்கிட்டாகக் கொடுப்பார். எல்லாவற்றையும் ரூபாய்க்கு மாற்றி, கடைசியில் யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று சண்டை இல்லாமல் எப்படிக் கணக்கு வைப்பது?

பதில்:

எங்கள் ஊர் ஈரோடு. கோயம்புத்தூரிலிருந்து விமானம் ஏறி சிங்கப்பூர், அங்கிருந்து பஸ்ஸில் மலாக்கா, கோலாலம்பூர் என்று எட்டுப் பேர் போய்வந்தோம். சித்தப்பா வீட்டில் மூன்று பேர், நானும் மனைவியும், மனைவியின் அண்ணனும் அவர் மனைவியும், பங்காளி வீட்டு அண்ணன் ஒருவர். கணக்கு நோட்டு என் பொறுப்பு. அதில் முதலில் நான் செய்த தவறிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அதையே செய்கிறார்கள்.

கூகுள் ஷீட்டில் ஒரு பட்டியல் போட்டு, சிங்கப்பூர் டாலர் செலவுகளுக்குப் பக்கத்தில் இந்தச் சூத்திரத்தை வைத்தேன்:

```
=D2*GOOGLEFINANCE("CURRENCY:SGDINR")
```

பார்க்க அழகாக இருந்தது. ஆனால் இது நடப்பு விலையைக் கொண்டுவரும் சூத்திரம். ஊர் திரும்பிய அன்று ஒரு மொத்தம் காட்டியது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திறந்தபோது வேறொரு மொத்தம் காட்டியது. செலவு முடிந்து பத்து நாள் ஆகியும் தொகை மாறிக்கொண்டிருந்தால் யார் நம்புவார்கள்? மச்சான் தன் பேங்க் கணக்கில் அதுவரை ஏறிய தொகைகளை எடுத்து வைத்தார். "மாப்பிள்ளை, நீங்கள் டாலருக்கு 65 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். என் கணக்கிலிருந்து 67 ரூபாய்க்கு மேல் எடுத்திருக்கிறார்கள்" என்றார். அவர் சொன்னது முற்றிலும் நியாயம். அன்றைக்கே பட்டியலை அழித்து வேறு முறையில் எழுதினேன்.

அந்த முறை இதுதான். அன்றைய சந்தை விலை எவ்வளவு என்று தேடாதீர்கள். அந்தச் செலவுக்காக, கொடுத்தவரின் பையிலிருந்து உண்மையில் எத்தனை ரூபாய் போனது என்று மட்டும் கேளுங்கள். அந்த ரூபாயை ஒருமுறை எழுதிவிட்டால் பிறகு அது மாறக் கூடாது.

கார்டில் கொடுத்ததை முதலில் பார்ப்போம். சிங்கப்பூர் ஓட்டலுக்கு மச்சான் 1,600 டாலர் கொடுத்தார். டாலர் 65 ரூபாய் வீதம் அது 1,04,000 ரூபாய். பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5% வரை கூடுதல் கட்டணம் உண்டு, அந்தக் கட்டணத்தின் மேல் 18% ஜிஎஸ்டியும் உண்டு. அவர் கார்டில் கட்டணம் 3,640, வரி 655. ஆக அவரிடமிருந்து போனது 1,08,295 ரூபாய். இதை 1,04,000 என்றே எழுதியிருந்தால் 4,295 ரூபாயை அவர் தனியாகச் சுமந்திருப்பார். எட்டில் இரண்டு பங்கு எப்படியும் அவருடையது என்று கழித்தாலும், மற்ற ஆறு பேருக்காக 3,221 ரூபாய் அவர் கையை விட்டுப் போயிருக்கும்.

கார்டில் இன்னும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஓட்டலில் முன்பணமாக நிறுத்திவைக்கும் தொகையும் குறுஞ்செய்தியாக வரும், ஆனால் அது செலவு அல்ல, பிறகு விடுவித்துவிடுவார்கள். அதனால் குறுஞ்செய்தியைப் பார்த்து எழுதாமல், அறிக்கையில் இறுதியாக ஏறிய தொகையை எழுதுங்கள். குறுஞ்செய்தி வந்த நாளுக்கும் அறிக்கையில் ஏறும் நாளுக்கும் இடையில் விலையும் சற்று மாறியிருக்கும். இரண்டாவது, கடையில் கார்டைத் தேய்க்கும்போது "ரூபாயிலா, டாலரிலா?" என்று இயந்திரம் கேட்டால் அந்த ஊர் நாணயத்தையே சொல்லுங்கள். ரூபாய் என்று சொன்னால், மாற்று விலையைக் கடைப் பக்கத்தில் வைப்பார்கள், அது பெரும்பாலும் நமக்குப் பாதகமாகவே இருக்கும்.

ரொக்கம் இன்னும் எளிது. சித்தப்பா புறப்படுமுன் கோயம்புத்தூரில் 66 ரூபாய் வீதம் 1,000 டாலர் வாங்கினார். சாப்பாடு, ரயில், நுழைவுச் சீட்டு என்று எல்லோருக்குமாக 800 டாலர் செலவழித்தார். அது 52,800 ரூபாய். மீதி 200 டாலரைத் திரும்ப விற்றபோது 63 ரூபாய்தான் கிடைத்தது, 600 ரூபாய் நட்டம். இந்த 600 யாருடையது? அந்த டாலரை எல்லோருக்காகவும் வாங்கிவரச் சொன்னது நாங்கள்தான், ஆகவே நட்டமும் பொதுச் செலவு. சித்தப்பா பெயரில் 53,400 எழுதினோம். அவர் தன் சொந்தச் செலவுக்கென்று வாங்கி மீந்திருந்தால் அது அவர் பாடு. இதைப் புறப்படும் முன்பே பேசிவிடுங்கள். சில்லறைக் காசுகளைப் பணமாற்றுக் கடைகள் பொதுவாகத் திரும்ப எடுப்பதில்லை, அதனால் கடைசி நாளில் காசை முதலில் செலவழித்துவிடுங்கள்.

ரிங்கிட் விஷயத்தில்தான் பலருக்குக் குழப்பம் வரும், ஏனென்றால் நடுவில் இரண்டு மாற்றங்கள் இருக்கின்றன. நானும் 66 ரூபாய்க்கு வாங்கிய டாலரில் 700-ஐ லிட்டில் இந்தியாவில் கொடுத்து, டாலருக்கு 3.30 வீதம் 2,310 ரிங்கிட் வாங்கினேன். எனக்கு ஒரு ரிங்கிட்டின் விலை என்ன? 66-ஐ 3.30-ஆல் வகுத்தால் 20 ரூபாய். அன்றைக்கு இணையத்தில் ரிங்கிட் என்ன விலை காட்டியது என்பது எனக்குத் தேவையில்லை, நான் அந்த விலைக்கு வாங்கவில்லை. கோலாலம்பூர் விடுதிக்கும், பத்துமலை போய்வந்த வேனுக்கும் பொதுவாக 1,980 ரிங்கிட் கொடுத்தேன். என் பெயரில் 39,600 ரூபாய்.

பங்காளி அண்ணன் செலவழித்தது எல்லாமே ரூபாயில். ஈரோட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகவர வேன், விஜயமங்கலத்திலும் கணியூரிலும் சுங்கம், இங்கிருந்தே ரூபாயில் பதிவு செய்த சில டிக்கெட்டுகள், எல்லாம் சேர்த்து 40,705. விமான டிக்கெட்டை அவரவர் எடுத்துக்கொண்டதால் அதை நோட்டில் ஏற்றவே இல்லை.

பட்டியலில் தேதி, கொடுத்தவர், எதற்கு, தொகை, நாணயம், ரூபாய் என்று ஆறு கட்டங்கள் போதும். ஏழாவதாக ஒன்றை நான் சேர்த்தேன்:

```
=F2/D2
```

ரூபாயை வெளிநாட்டுத் தொகையால் வகுத்து விலையைக் காட்டும் கட்டம் இது. விலையை நாம் எழுதுவதில்லை, ரூபாயிலிருந்து அதுவே வருகிறது. இதன் பயன் தவறு பிடிப்பது. ரிங்கிட் செலவை டாலர் என்று குறித்துவிட்டால், 66 அல்லது 67 இருக்க வேண்டிய வரியில் 20 என்று நிற்கும். ஒரு சைபர் கூடுதலாகப் போட்டிருந்தால் 660 என்று நிற்கும். எங்கள் பட்டியலில் இப்படி இரண்டு வரிகள் அகப்பட்டன.

இனித் தீர்வு. மொத்தம் 2,42,000 ரூபாய். எட்டுத் தலைக்கு வகுத்தால் தலைக்கு 30,250. வீட்டுக்கு ஒரு பங்கு என்று வைத்திருந்தால் தனியாக வந்த அண்ணனுக்கு அநியாயம், அதனால் தலைக்கணக்கு.

ஒவ்வொரு வீடும் கொடுத்ததிலிருந்து அந்த வீட்டின் பங்கைக் கழிக்க வேண்டும்:

```
சித்தப்பா   53,400 − 90,750 = −37,350
நான்       39,600 − 60,500 = −20,900
மச்சான்   1,08,295 − 60,500 = +47,795
அண்ணன்    40,705 − 30,250 = +10,455
```

கூட்டல் குறி இருப்பவருக்குப் பணம் வர வேண்டும், கழித்தல் குறி இருப்பவர் தர வேண்டும். நான்கையும் கூட்டினால் பூச்சியம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ ஒரு வரி தவறு, அதைக் கண்டுபிடிக்காமல் யாரும் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். தலைக்கு வகுக்கும்போது பைசா மீந்தால் அதை ஒருவர் பங்கில் சேர்த்துவிடுங்கள். எல்லோருக்கும் தனித்தனியே முழுமையாக்கினால் பூச்சியம் கெட்டுவிடும்.

ஒரு வரி இன்னும் பாக்கி. மலாக்காவில் மச்சான் தன் வீட்டுக்கு ஏதோ வாங்க என்னிடம் 200 ரிங்கிட் கடன் வாங்கினார். இது பொதுச் செலவு அல்ல, மொத்தத்தில் சேரக் கூடாது. 200 ரிங்கிட் எனக்கு 4,000 ரூபாய். என் கணக்கில் 4,000 கூட்டி, அவர் கணக்கில் 4,000 கழித்தேன். நான் தர வேண்டியது 16,900 ஆகவும், அவருக்கு வர வேண்டியது 43,795 ஆகவும் மாறின. கூட்டுத்தொகை அப்போதும் பூச்சியம்தான். கைமாற்றைச் செலவு வரியாக எழுதினால், அவர் வாங்கிய பொருளுக்கு எட்டுப் பேரும் பணம் கட்டியதாக ஆகிவிடும். நான் பார்த்த நோட்டுகளில் அதிகம் நடக்கும் பிழை இதுதான்.

யார் யாருக்கு என்பதற்கு, அதிகம் தர வேண்டியவரை அதிகம் வர வேண்டியவரோடு சேர்த்துவிடுங்கள். சித்தப்பா மச்சானுக்கு 37,350 அனுப்பினார், சித்தப்பா கணக்கு முடிந்தது. மச்சானுக்கு மீதி வர வேண்டிய 6,445-ஐ நான் அனுப்பினேன். எனக்குப் பாக்கி 10,455, அது அண்ணனுக்கு வர வேண்டிய தொகை அப்படியே. மூன்றே பரிமாற்றம். இந்த வழியில் போனால் நான்கு வீட்டுக்கு மூன்று, பத்து வீட்டுக்கு ஒன்பது என்று, வீடுகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைவான பரிமாற்றங்களுக்குள் எப்போதும் முடிந்துவிடும். ஒருவர் தர வேண்டியதும் இன்னொருவர் பெற வேண்டியதும் சரியாக ஒத்துப்போனால், அவர்களை முதலில் சேர்த்தால் இன்னும் ஒன்று குறையும்.

மச்சானின் கார்டு அறிக்கை வர மூன்று வாரம் ஆனது. அதுவரை யாரையும் பணம் அனுப்ப விடவில்லை. அறிக்கை வந்த அன்று மாலை மூன்றையும் யுபிஐயில் அனுப்பி முடித்து, ஷீட்டைத் திருத்த முடியாதபடி பூட்டிவிட்டேன்.