வாஸ்தா: பெரியப்பாவும் காப்பிக் குவளையும்

அன்புள்ள ஐயா,

ஷார்ஜாவில் வேலை செய்கிறேன். என் மேலாளர் ஜோர்டான்காரர். “வாஸ்தாதான் எங்க நாட்டைக் கெடுத்தது” என்று அடிக்கடி திட்டுவார். போன வாரம் அவரே, “என் பெரியப்பா ஊரில் பெரிய வாஸ்தா” என்று பெருமைப்பட்டார். எதை நம்புவது?

ரஃபீக்

அன்புள்ள ரஃபீக்,

இரண்டையும் நம்பலாம். வாஸ்தா, ‘நடு’ என்ற பொருளுள்ள அரபு வேரிலிருந்து வந்த சொல். நடுவில் நின்று பரிந்து பேசும் ஆளுக்கும் அவர் செய்யும் காரியத்துக்கும் அதே பெயர்.

பெரியப்பாவின் பெருமை பழைய வாஸ்தாவைச் சேர்ந்ததாக இருக்கும். ஜோர்டானில் கார் மோதி ஒருவர் இறந்தால், போலீஸ் வழக்கு ஒரு பக்கம் நடக்க, ஓட்டியவரின் குடும்பம் ஊரில் மதிப்புள்ள பெரியவர்களைத் தேடிப் போகும். அவர்கள் ‘ஜாஹா’ என்ற குழுவாக இறந்தவர் வீட்டுக்குப் போய் முதலில் ‘அத்வா’ கேட்பார்கள். பழிவாங்கலைத் தடுத்து நிறுத்தும் தவணை அது. தொடக்கத்தில் மூன்று நாளும் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கும். காப்பி வரும். குழுத் தலைவர் குடிக்காமல் குவளையைக் கீழே வைத்துவிடுவார். “காப்பியைக் குடியுங்க” என்று வீட்டார் சொன்னால், கேட்டது கிடைத்தது என்று பொருள். பாதிக்கப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், மறுக்கவும் அவர்களால் முடியும்.

அதே பெரியப்பாவிடம் தம்பி மகன் அரசு வேலைக்காக வந்து நிற்கிறான் என்று வையுங்கள். சொந்தத்துக்கு உதவாதவன் யாருக்கும் உதவமாட்டான் என்பது அங்கே பழமொழி. கைவிரித்தால் பெரியப்பாவின் பெயர்தான் கெடும். ஒரு போன் போடுகிறார், வேலை கிடைக்கிறது. தகுதிப் பட்டியலில் அவனுக்கு முன்னால் இருந்தவர் அந்த அறையில் இல்லை. அவர் முகம்கூட பெரியப்பாவுக்குத் தெரியாது. மேலாளர் திட்டுவது இதைத்தான்.

ஜோர்டானின் 2016ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம்கூட வாஸ்தா முழுவதையும் குற்றமாக்கவில்லை. ஒரு உரிமையை அழிக்கிற, அல்லது பொய்யான ஒன்றை உரிமையாக்குகிற வாஸ்தாதான் அங்கே குற்றம். குர்ஆனும் (4:85) நல்ல பரிந்துரைக்கு ஒரு பங்கும் தீயதற்கு ஒரு சுமையும் உண்டு என்று பிரித்தே சொல்கிறது.

தகராறு இவை இரண்டுக்கும் நடுவில்தான். எல்லாத் தாளும் சரியாக இருந்தும் ஒரு கோப்பு மாதக்கணக்கில் நகரவில்லை. தெரிந்தவர் ஒருவர் சொல்ல, மறுநாளே கையெழுத்தாகிறது. கேட்டவருக்கு அது அவருடைய உரிமை. ஆனால் அன்று அதற்குக் கீழே போன கோப்பும் யாரோ ஒருவருடையது. அவரிடம் கேட்டால் வேறு பெயர் சொல்வார்.

சொற்களைக் கவனித்தாலே தெரியும். அடுத்தவன் செய்தால் வாஸ்தா. கிண்டலாக ‘வைட்டமின் வாவ்’ (வாவ் அந்தச் சொல்லின் முதல் அரபு எழுத்து). தனக்கு நடந்தால் பெரும்பாலும் ‘ஃபஸ்ஆ’, ஆபத்துக்கு ஓடிவந்த உதவி. உங்கள் மேலாளர் தன் முதல் வேலையைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல் வருகிறது என்று கேட்டுப் பாருங்கள்.