கிளம்புவதற்கு முந்தைய இரவு எழுத வேண்டிய கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

விருதுநகர் மாவட்டத்திலிருந்து எங்கள் உழவர் குழு பட்டறிவுப் பயணமாக அரூர்ப் பக்கம் வந்திருக்கிறது. சாமை வயல்களையும், பெண்கள் குழு நடத்தும் சாமை அரிசி ஆலையையும் பார்த்தோம். நாளைக் காலை வண்டி ஏறுகிறோம். எல்லார் சார்பிலும் நன்றிக் கடிதம் எழுதும் வேலையை என்னிடம் விட்டுவிட்டார்கள். "தங்கள் அன்பான உபசரிப்புக்கு நெஞ்சார்ந்த நன்றி" என்பதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ஊருக்குப் போய் நிதானமாக எழுதி அனுப்பலாமா? யார் பெயருக்கு எழுதுவது?

ம., திருச்சுழி வட்டம்

அன்புள்ள ம.,

இன்றிரவே எழுதிவிடுங்கள். ஊருக்குப் போனதும் மாடு, பிள்ளைகள், கூலி ஆள் என்று ஆளுக்கொரு பக்கம் இழுக்கும். ஒரு வாரத்தில் "ஆலை நன்றாக இருந்தது" என்பது மட்டும்தான் மனதில் மிஞ்சும். இன்னொரு காரணம் இதைவிடப் பெரியது. பார்த்ததை எப்படிப் புரிந்துகொண்டீர்கள் என்று இன்றே எழுதிக் கொடுத்தால், அதில் பிசகு இருந்தால் நீங்கள் வண்டி ஏறும் முன் அவர்களே திருத்திச் சொல்லிவிடுவார்கள். தபாலில் வரும் கடிதத்துக்கு யாரும் திருத்தம் எழுதி அனுப்பப் போவதில்லை.

நான் தருமபுரிக்காரன். இப்படி வருகிறவர்களை வரவேற்கும் பக்கத்தில் நின்றிருக்கிறேன். வந்து போகிற குழுக்கள் பெரும்பாலும் வேளாண்மை அதிகாரிக்குத்தான் நன்றி எழுதுகின்றன. பயணத்தை ஏற்பாடு செய்த வட்டாரத் தொழில்நுட்ப மேலாளருக்குக் கட்டாயம் எழுதுங்கள், ஆனால் அது தனிக் கடிதம். எந்தத் தேதியில் எத்தனை பேர் வந்தோம், எதையெல்லாம் பார்த்தோம் என்று நாலு வரி இருந்தால் போதும், அது அவர் கோப்பில் சேரும். முதல் கடிதம் ஆலைக் குழுவுக்குப் போக வேண்டும். உங்களுக்காக ஓட்டத்தை நிறுத்தி, இயந்திரத்தைத் திறந்து காட்டியவர்கள் அவர்கள். அன்று அரைக்க வேண்டிய மூட்டை மறுநாளுக்குத் தள்ளிப்போயிருக்கும். உங்களுக்கு அது பயணச் செலவில் வராத செலவு, அவர்களுக்கு அது ஒரு நாள் வருமானம்.

என்ன எழுதுவது என்கிறீர்கள். சாமை ஆலையில் காட்டுவதற்கு உள்ளது இதுதான்: தூசி நீக்குவது, கல் பொறுக்குவது, சல்லடையில் பருமன் பிரிப்பது, பிறகு உமி நீக்கும் இயந்திரம். அதற்குள் தானியம் வேகமாகச் சுழன்று சுவரில் மோதுகிறது, உமி விட்டுப்போகிறது, காற்று அதை ஊதித் தள்ளுகிறது. உமி போகாத மணி திரும்ப உள்ளே போகிறது. 100 கிலோ சாமை போட்டால் சுமார் 60 கிலோ அரிசி தேறும். இதைப் படங்களிலும் பார்த்துக்கொள்ளலாம். நேரில் வந்தவருக்கு மட்டும் கிடைப்பது ஆலையில் நிற்பவரின் கைப்பக்குவம். உங்கள் கடிதத்தின் நடுப்பகுதி அதுவாக இருக்கட்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நீங்கள் கண்டதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள்.

"குழுத் தலைவி அம்மாவுக்கும் ஆலையில் வேலை செய்யும் அக்காமார்க்கும் வணக்கம்.

எங்கள் ஊரில் குதிரைவாலியை உமியோடு மூட்டையாக வியாபாரியிடம் போட்டுவிடுகிறோம். அரிசியாக்கினால் கல்லும் நொய்யும் வருகிறது என்று பயந்து விட்டுவிட்டோம். கல் ஆலையில் சேருவதில்லை, களத்தில் சேருகிறது என்று நீங்கள் சொல்லி, மண் களத்தில் அடித்த தானியத்தையும் தார்ப்பாயில் அடித்ததையும் முறத்தில் பக்கத்தில் பக்கத்தில் கொட்டிக் காட்டினீர்கள். தானியப் பருமனிலேயே இருக்கும் மண் உருண்டை சல்லடையில் நிற்காது என்பது அப்போதுதான் விளங்கியது. இயந்திரத்தின் வாயில் விழுந்ததை அக்கா ஒரு கை அள்ளி, உமியோடு நின்ற மணிகளை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டு வேகத்தை மாற்றினார். அதை எங்கள் எல்லாருக்கும் செய்து பார்க்கக் கொடுத்தார்.

நாங்கள் புரிந்துகொண்டது: ஈரம் இருந்தால் உமி விடாது, அளவுக்கு மேல் காய்ந்தால் நொய் அதிகமாகும், பல்லில் கடித்தால் நறுக்கென்று உடைய வேண்டும். உமி நீக்கிய அரிசியில் தவிடு இருப்பதால் சில மாதங்களில் சிக்கு வாடை வந்துவிடும், ஆகவே தானியமாகவே வைத்திருந்து வேண்டும்போது அரைக்க வேண்டும். தவறாகப் புரிந்திருந்தால் காலையில் சொல்லுங்கள்.

தை அறுவடையில் எங்கள் குழுவில் சில வீடுகளாவது தார்ப்பாயில் அடித்துப் பார்ப்போம். கல் குறைந்ததா என்று உங்களுக்கு எழுதுவோம். களியும் கொள்ளுக் குழம்பும் ஆக்கிப் போட்ட அக்காமார்க்கும், மலைப் பாதையில் எங்களைப் பத்திரமாகக் கூட்டிப் போய் வந்த ஓட்டுநர் தம்பிக்கும் எங்கள் நன்றி."

இவ்வளவுதான். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம்.

வாக்குறுதியில் கவனமாக இருங்கள். நல்ல சாப்பாடு சாப்பிட்ட இரவில் "அடுத்த ஆண்டு நாங்களும் ஆலை போடுவோம், திறப்பு விழாவுக்கு நீங்கள்தான் வர வேண்டும்" என்று எழுதத் தோன்றும். ஆலை என்பது மும்முனை மின்சாரம், கட்டடம், கடன், ஆண்டு முழுக்க ஓட்டுவதற்குத் தானியம். இதில் எதையும் நீங்கள் இன்னும் கணக்குப் பார்க்கவில்லை. உங்கள் குதிரைவாலிக்குச் சல்லடையும் வேகமும் வேறு என்பதால் அவர்கள் இயந்திரம் அப்படியே பொருந்தும் என்றும் நினைக்காதீர்கள். தார்ப்பாய் உங்கள் கையில் இருக்கிறது, அதனால்தான் அதை மட்டும் எழுதச் சொன்னேன்.

பேச்சுவாக்கில் அவர்கள் சொன்ன விலை, எந்தக் கடைக்கு எவ்வளவு அனுப்புகிறார்கள், வங்கியில் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் உங்களை நம்பிச் சொன்னது. கடிதத்தில் அது வரக்கூடாது. கடிதத்தை அவர்கள் சுவரில் ஒட்டுவார்கள், கடன் கேட்கப் போகும்போது வங்கியிலும் காட்டுவார்கள். ஆலைக்குள் எடுத்த படங்களை வாட்ஸ்அப் குழுவில் போடும் முன்பும் தலைவியிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

விதை வேண்டும், இயந்திரக்காரர் எண் வேண்டும் என்ற கேட்புகளும் இந்தக் கடிதத்தில் வேண்டாம். நன்றியின் வாலில் கோரிக்கை தொங்கினால் முன்னால் எழுதியது முழுக்க அதற்காகத்தான் என்று ஆகிவிடும். காலையில் நேரில் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள்.

சாப்பாட்டுப் பணம் பேசியபடி கொடுத்தாயிற்றா என்று இன்றிரவே உங்கள் பொருளாளரிடம் கேட்டுவிடுங்கள். திட்டப் பணம் அலுவலகம் வழியாக வரத் தாமதமாகும் என்றால், அதை அந்த அக்காமாரிடம் வாயால் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். அரிசி வாங்கிய கடைக்கு அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.

எழுதியதைத் தட்டச்சு செய்ய இடம் தேட வேண்டாம், கையெழுத்திலேயே கொடுங்கள். முதலில் உங்கள் குழுவில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள். "அந்த முறத்தை விட்டுட்டியே", "கடிச்சுப் பார்த்ததை எழுதலையே" என்று யாராவது சொல்வார்கள், அதையும் சேருங்கள். பிறகு எல்லாரும் கையெழுத்துப் போடட்டும், ஊர்ப் பெயரும் ஒரு தொடர்பு எண்ணும் கீழே இருக்கட்டும். காலையில் அதிகாரி வருவதற்குக் காத்திருக்காமல், ஆலை திறக்கும் நேரத்துக்கே போய்த் தலைவியின் கையில் கொடுத்து, வேலைக்கு வந்திருப்பவர்கள் கேட்கும்படி ஒருவர் சத்தமாக வாசியுங்கள்.