பெயர் இல்லாத பதிவும் அடையாளம் காட்டும்

மதிப்பிற்குரிய ஐயா,

ஆலைகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். எங்கள் பட்டணத்துக்கு அருகே ஒரு செம்பனை ஆலையில் வேலையை முடித்தேன். அதில் கற்ற பாடத்தை லிங்க்ட்இனில் பகிர விரும்பி இப்படி எழுதினேன்:

"எங்கள் வட்டாரத்தின் பழைய ஆலை ஒன்றில் பெருநாள் விடுமுறைக்குப் பின் எண்ணெயின் அமிலத்தன்மை 6 விழுக்காட்டைத் தாண்டியது. எல்லாரும் ஸ்டெரிலைசரைக் குறை சொன்னார்கள். லாரிக் குத்தகைக்காரரின் தாமதமே காரணம் என்று மூன்று வாரத்தில் கண்டுபிடித்தேன். பாடம்: தரவு பொய் சொல்லாது."

ஆலையின் பெயரை நான் எழுதவில்லை. ஆனாலும் வெளியிட வேண்டாம் என்று நண்பர் தடுக்கிறார். பெயரே இல்லாதபோது இதில் என்ன ரகசியம் வெளியாகிறது?

ஒரு வாசகர், பேராக்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சரியாகத்தான் தடுத்திருக்கிறார். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஒப்புதலைப் பெற்று, இந்தக் கடிதத்திலும் வரைவிலும் இருந்த ஊர்ப்பெயரை நீக்கி, காலத்தையும் எண்களையும் மாற்றிய பிறகே இங்கு வெளியிடுகிறேன். அப்படிச் செய்யாமல் வெளியிட்டால், நீங்கள் லிங்க்ட்இனில் எழுதத் தயங்கியதை நான் இங்கே எழுதியதாகிவிடும்.

அமெரிக்க ஆய்வாளர் லத்தான்யா ஸ்வீனி 2000-இல் ஒரு கணக்கை வெளியிட்டார். அஞ்சல் குறியீடு, பாலினம், பிறந்த தேதி ஆகிய மூன்றை மட்டும் சேர்த்தாலே, அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைப் பெயரில்லாமல் தனித்து அடையாளம் காண முடியும் என்று 1990 மக்கள்தொகைக் கணக்கைக் கொண்டு அவர் மதிப்பிட்டார். அந்த மூன்றில் எதுவும் தனியாக ஒருவரைக் காட்டிக்கொடுப்பதில்லை, சேரும்போதுதான் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் வரைவிலும் இதுவே நடக்கிறது. 'எங்கள் வட்டாரம்' என்றதும் உங்கள் பக்கத்தில் இருக்கும் ஊரைப் பார்ப்பார்கள். 'பழைய ஆலை' என்றதும் ஒன்றோ இரண்டோ மிஞ்சும். 'பெருநாள் விடுமுறைக்குப் பின்' என்பது அதையும் ஒன்றாக்கிவிடும். கோலாலம்பூரில் 'ஒரு வங்கிக்கு வேலை செய்தேன்' என்று எழுதுபவருக்கு இருக்கும் மறைவு, ஓர் ஆலையும் ஒரு கடைத்தெருவும் உள்ள தோட்டப் பட்டணத்தில் எழுதுபவருக்குக் கிடையாது.

ஆலையைவிட லாரிக் குத்தகைக்காரரைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுகிறேன். ஆலையாவது உங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது; உங்களைக் கூப்பிட்டுக் கேட்க அதற்கு வழியுண்டு. அவருக்கு அப்படி எதுவும் இல்லை. தாமதத்துக்கு அவர் பக்கத்தில் என்ன காரணம் இருந்தது, சாலை கெட்டிருந்ததா, தோட்டத்தில் குலைகளை ஏற்ற ஆளில்லையா என்பதெல்லாம் உங்கள் பதிவில் வராது. ஆனால் மறுநாள் காலை கோப்பிக் கடையில் யாருடைய லாரி என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். அடுத்த குத்தகைக்கு அவர் விலை கொடுக்கும்போது அந்த வரிதான் எதிரே நிற்கும். இந்த வரியை எந்த மாற்றமும் செய்து காப்பாற்ற முடியாது, எடுத்துவிட வேண்டும்.

அப்படியானால் பாடம் எங்கே இருக்கிறது? 'தரவு பொய் சொல்லாது' என்பது உங்கள் பாடமே அல்ல. அதை யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலிலும் எழுதலாம். நீங்கள் உண்மையில் கண்டது அதைவிட நுட்பமானது. வெட்டப்பட்டு அடிபட்ட பழத்தில் இருக்கும் நொதி எண்ணெயைச் சிதைத்துக் கட்டற்ற கொழுப்பு அமிலத்தைக் கூட்டுகிறது; ஸ்டெரிலைசரின் நீராவிதான் அதை நிறுத்துகிறது. கச்சாச் செம்பனை எண்ணெய்க்கு வழக்கமான விற்பனை ஒப்பந்தங்களில் 5 விழுக்காடே உச்ச வரம்பு. இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை, யாருடைய ரகசியமும் அல்ல. ஆலை எந்த நேரத்திலிருந்து கணக்குப் பார்க்கிறது என்பதைத்தான் நீங்கள் கவனித்திருக்கிறீர்கள். அதை வாடிக்கையாளரைத் தொடாமலே சொல்லலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"எடைமேடைச் சீட்டு, லாரி ஆலை வாசலுக்கு வந்த நேரத்தைச் சொல்லும்; குலை எப்போது வெட்டப்பட்டது என்பதைச் சொல்லாது. அமிலமோ வெட்டிய நேரத்திலிருந்தே ஏறத் தொடங்குகிறது. எனவே எண்ணெயின் தரம் குறையும் நாட்களில், இயந்திரத்தைப் பிரிப்பதற்கு முன், அன்று அரைத்த குலைகள் எத்தனை மணி நேரத்துக்கு முன் வெட்டப்பட்டவை என்பதைத் தோட்டக் கிராணியின் அறுவடைப் பதிவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு பதிவேடுகளும் ஒரு மேசையில் இருந்தாலே போதும்."

இதில் ஊர், மாதம், ஆலையின் வயது, எண், குற்றம் சாட்டப்பட்டவர் என எதுவும் இல்லை. ஆனாலும் செம்பனைத் தொழிலில் இருப்பவர் ஒருவர் நாளைக்கே இதைச் செய்து பார்க்கலாம். விவரங்களை நீக்கினேனே தவிர, பொய்யாக எதையும் சேர்க்கவில்லை. ஊரை மாற்றி, ஆலையை ரப்பர் தொழிற்சாலையாக்கி எழுதுவோர் உண்டு. அதை நான் ஏற்பதில்லை, ஏனெனில் தொழிலின் செயல்முறை மாறினால் பாடமும் பொய்யாகிவிடும்.

இந்தப் பதிவைப் படித்தால் ஆலையின் மேலாளருக்கு மட்டும் அது தம் ஆலை என்று தெரியும். அதைத் தடுக்க முடியாது. ஆகவே வெளியார் கண்டுபிடிப்பார்களா என்று பார்த்தபின், அவர் படித்தால் தலைகுனிவாரா என்றும் பார்க்க வேண்டும். 'எல்லாரும் தவறாக நினைத்தார்கள், நான் கண்டுபிடித்தேன்' என்ற அமைப்பு அவருடைய பொறியாளர்களைச் சிறுமைப்படுத்துகிறது. புதிய வடிவில் அந்த 'நான்' தேவைப்படவே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

எழுத்துக்கு வெளியேயும் வாசல்கள் இருக்கின்றன. பாதுகாப்புத் தொப்பியோடு ஆலை முற்றத்தில் எடுத்த படத்தை இதனுடன் போட வேண்டாம். பின்னால் தெரியும் புகைபோக்கியும் லாரியின் பதிவு எண்ணும் போதும். உங்கள் தொழில் அனுபவப் பட்டியலில் அந்த ஆலையின் பெயர் இருந்தால், பதிவை எவ்வளவு கவனமாக எழுதினாலும் பயனில்லை. 'நம்ம மில்லுதானே, வாழ்த்துகள்!' என்று ஆலை ஊழியர் யாராவது அன்போடு பின்னூட்டம் இட்டால், அதற்கு நன்றி சொல்லாமல் உடனே நீக்கிவிட்டு, அவருக்குத் தனியாகக் காரணத்தைச் சொல்லுங்கள்.

கடைசியாக, ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். ரகசியத் தகவல் எது என்று வரையறுக்கும் பிரிவில், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதே ரகசியம் என்று இருக்கக்கூடும். வேலை முடிந்த பிறகும் அது தொடரக்கூடும். அப்படி ஒரு பிரிவு இல்லாவிட்டாலும் கடமை போய்விடாது. 1968-இல் இங்கிலாந்தில் தீர்ப்பளிக்கப்பட்ட ஒரு வழக்கின் வழியில் மலேசிய நீதிமன்றங்களும் மூன்றைப் பார்க்கின்றன: தகவல் ரகசியத் தன்மை உடையதா, நம்பிக்கையின் பேரில் தரப்பட்டதா, அனுமதியின்றிப் பயன்படுத்தப்பட்டதா. எழுத்தில் ஒப்பந்தம் போட்டிருக்க வேண்டும் என்பது அதில் நிபந்தனை இல்லை.

நீங்கள் ஆலைக்குச் சொல்லிக்கொடுத்த ஒப்பீட்டு முறை ஏற்கெனவே தொழிலில் பலரும் அறிந்ததென்றால் மேலே உள்ள வடிவை எழுதலாம். அந்த முறையை ஆலையே தன் செலவில் உருவாக்கி, மற்றவர்களைவிட அதனால் முந்தி நிற்கிறது என்றால், பெயரை எவ்வளவு மறைத்தாலும் அதை எழுத உங்களுக்கு உரிமை இல்லை. எது என்று உங்களுக்கே ஐயமிருந்தால், பதிவின் இறுதி வடிவத்தை அப்படியே மின்னஞ்சலில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவருக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் கேளுங்கள். உங்களோடு பழகிய பொறியாளர் தொலைபேசியில் 'பரவாயில்லை லா, போடுங்க' என்று சொல்வது ஒப்புதல் ஆகாது. அதைத் தரும் அதிகாரம் அவருக்கு இல்லை. பதில் வரும்வரை பதிவு உங்கள் கணினியிலேயே இருக்கட்டும்.

அன்புடன்.