பொய் எங்கே என்று தேடினால் கிடைக்காது

கேள்வி: பாலக்கோடு பக்கம் அரசுப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு எடுக்கிறேன். புகைத்தால் புற்றுநோய் வரும் என்பதில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகள் சந்தேகம் கிளப்பிய கதையை ஊடக விழிப்புணர்வு வகுப்பில் சொன்னதும், "காசு வாங்கிட்டு விஞ்ஞானிங்க பொய் சொன்னாங்க, அவ்வளவுதானே மிஸ்?" என்று ஒரு பையன் முடித்துவிட்டான். ஒரு பீரியடில் இதை எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஒரே ஒரு விளம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், போதும். எலிகளின் தோலில் சிகரெட் தாரைத் தடவியதில் புற்றுக்கட்டி வந்ததாக 1953இல் செய்தி பரவியது. டிசம்பரில் கம்பெனித் தலைவர்கள் நியூயார்க் ஓட்டல் ஒன்றில் கூடி, ஹில் அண்ட் நோல்டன் என்ற மக்கள் தொடர்பு நிறுவனத்தை அமர்த்தினார்கள். 1954 ஜனவரி 4 அன்று 400க்கும் மேற்பட்ட நாளிதழ்களில் அவர்களுடைய அறிக்கை முழுப்பக்க விளம்பரமாக வந்தது.

அதிலிருந்து மூன்று வரிகளைத் தமிழில் கரும்பலகையில் எழுதுங்கள். நுரையீரல் புற்றுநோய்க்குப் பல காரணங்கள் இருக்கலாம். எது காரணம் என்பதில் வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை. எங்கள் பொருள் தீங்கானதல்ல என்று நம்புகிறோம். பொய்யை அடிக்கோடிடச் சொன்னால் பிள்ளைகள் திணறுவார்கள். முதல் இரண்டையும் அன்றைக்கு முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. மூன்றாவது வெறும் 'நம்புகிறோம்'.

அந்த அறிக்கையிலேயே ஓர் ஆராய்ச்சிக் குழுவையும் அறிவித்தார்கள். அதன் அறிவியல் தலைவராக வந்த கிளாரன்ஸ் குக் லிட்டில் போலி ஆள் இல்லை. புற்றுநோயையும் மரபியலையும் ஆராய்ந்தவர், மிச்சிகன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர். குழுவின் பணத்தில் நல்ல ஆய்வுகளும் நடந்தன. ஆனால் பரம்பரை, வைரஸ் என்று பக்கத்துத் தெருக்களில்தான் பணம் அதிகம் போனது. சிகரெட் புற்றுநோய் தருமா என்ற நேர்க்கேள்விக்குப் போனது கொஞ்சம்தான். உங்கள் பையன் பிடிக்க வேண்டிய இடம் இதுதான்: என்ன பதில் சொன்னார்கள் என்பதைவிட, எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டார்கள்?

நேர்மையான சந்தேகமும் உண்டே என்று யாராவது கேட்பார்கள், கேட்கத்தான் வேண்டும். நேர்மையாகச் சந்தேகப்படுபவர் எந்த ஆதாரம் வந்தால் ஒப்புக்கொள்வேன் என்று சொல்வார், வந்ததும் நகர்வார். இவர்களோ ஆதாரம் குவிந்த பிறகும் பல பத்தாண்டுகள் 'இன்னும் ஆராய வேண்டும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். உள்நோக்கம் பிறகு அவர்களுடைய காகிதத்திலேயே வெளிப்பட்டது. பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனியின் 1969 உள்குறிப்பு, 'சந்தேகமே நம் சரக்கு' என்கிறது.

முகமூடி அமைப்புகளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பிறர் விடும் புகையும் புற்றுநோய் தரும் என்று அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அறிவித்த 1993இலேயே, பிலிப் மாரிஸ் என்ற சிகரெட் கம்பெனிக்காக ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் 'நல்ல அறிவியலுக்கான கூட்டணி' என்ற பொருளில் ஓர் அமைப்பைத் தொடங்கியது. பெயரில் புகையிலையே இல்லை. பிற தொழில்களின் புகார்களையும் சேர்த்துக்கொண்டதால் சிகரெட் கூட்டத்தில் மறைந்தது. எப்போது பிறந்தது, யார் பணம் என்ற இரண்டைத் தேடினாலே பாதி தெரிந்துவிடும்.

கடைசிப் பத்து நிமிடத்தில் ஒரு பயிற்சி. கிருஷ்ணகிரிப் பக்கம் கற்பனையாக ஒரு மாம்பழக் கூழ் ஆலை, அதன் கழிவால் கிணறு கெட்டுவிட்டது. ஆலைக்காக நான்கு வரி அறிக்கை எழுதச் சொல்லுங்கள், ஒரு பொய்கூட இருக்கக்கூடாது. அப்புறம் தாள்களை மாற்றிக்கொடுத்து, எந்தக் கேள்வி விடுபட்டிருக்கிறது என்று பக்கத்துப் பெஞ்சுக்காரர்களிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.